இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கான வெபினார் அழைப்பு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் நிலைத்தவை, நீக்கியவை

ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி, ஒலுவில் என வெவ்வேறு பொறியியல் பீடங்களில் படிக்கிறார்கள். அவர்களுக்கான வேலைவாய்ப்பு அமர்வுகளுக்கு ஒரே அழைப்பு வாசகத்தைத்தான் மூன்று ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறோம். அதில் பெரும்பாலானது மாறிவிட்டது.

முதலில் போனது தொடக்க வரி. “உங்கள் பொறியியல் எதிர்காலத்தை ஒளிமயமாக்க ஓர் அரிய வாய்ப்பு” என்றுதான் பழைய வாசகம் தொடங்கியது. வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும்போது போன் திரையில் முதல் ஓரிரு வரிதான் தெரியும். எந்த டியூஷன் விளம்பரத்துக்கும் பொருந்துகிற வரியைப் பார்த்துவிட்டு யாரும் செய்தியைத் திறப்பதில்லை. இப்போதைய முதல் வரி, “இறுதியாண்டு புரொஜெக்டை சீவியில் நான்கு வரியில் எழுதுவது எப்படி?” இறுதியாண்டில் இருப்பவருக்கு இது தனக்கானது என்று உடனே விளங்கும், மற்றவர் கடந்து போய்விடுவார். ஓர் அழைப்புக்கு ஒரு கேள்விதான். நேர்முகத் தேர்வு, வெளிநாட்டு மேற்படிப்பு, சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்தபோது வந்தவர்கள் ஆளுக்கொன்றை எதிர்பார்த்து வந்து, பாதியில் வெளியேறினார்கள்.

பேச்சாளரைப் பற்றிய வரியும் அப்படித்தான். “துறைசார் நிபுணர்” என்பதில் எதுவும் இல்லை. “நீர்மின் நிலையத்தில் பராமரிப்புப் பொறியியலாளர். பயிலுநர்களைத் தெரிவுசெய்யும்போது சீவிகளை வாசிப்பவர்” என்று எழுதினால், அவரிடம் என்ன கேட்கலாம் என்பது மாணவருக்குத் தெரிகிறது.

நேரத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடந்தது. அழைப்பில் ஒன்றரை மணித்தியாலம் என்று போட்டுவிட்டு இலவச சூம் கணக்கில் நடத்தினால், 40 நிமிடத்தில் அது தானாகவே நின்றுவிடும். அநேகமாகக் கேள்விகள் சூடுபிடிக்கும் நேரம் அது. அதனால் “25 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்வி” என்றே இப்போது எழுதுகிறோம். அதற்குக் கீழே இன்னொரு வரி: “கமெரா தேவையில்லை. ஸ்லைட் பிடிஎஃப் முதல் நாளே குழுவில் வரும்.” லயத்தில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கிற பிள்ளை குரலை மட்டும் கேட்டுப் பின்தொடர இந்த வரிதான் வழிசெய்கிறது. இதை எடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு, நாங்கள் எடுக்கமாட்டோம்.

பதிவுப் படிவத்தில் சீவியை அப்லோட் செய்யச் சொன்னது பிழையாகிப் போனது. கூகுள் படிவத்தில் கோப்புக் கேட்கும் கேள்வி ஒன்று இருந்தாலே, நிரப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும். வீட்டாரின் போனில் திறப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். இப்போது பெயர், பீடம், துறை, போன் இலக்கம் ஆகிய நான்கையே கேட்கிறோம். படிவத்தை அனுப்பியதும் தோன்றும் உறுதிப்படுத்தல் செய்தியில் சூம் லிங்கை வைக்கிறோம். அந்தப் பக்கத்தை மூடினால் லிங்க் போய்விடும் என்பதால் குழுவிலும் அது இருக்க வேண்டும்.

அதிகம் கற்றுத்தந்தது நினைவூட்டல் குறுஞ்செய்திதான். டேட்டா முடிந்தவருக்கும் அது போய்ச் சேரும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். புள்ளியும் ஒவ்வொரு உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும்: “கு” இரண்டு, “ங்க்” நான்கு. பழைய வாசகம் இது:

“அன்பான மாணவர்களே, நாளை நடைபெறவுள்ள வேலைவாய்ப்பு வழிகாட்டல் இணையவழிக் கருத்தரங்கில் தவறாது கலந்துகொள்ளுங்கள்.”

எண்ணினால் 108 வருகிறது. அதாவது இரண்டு செய்திக்கான கட்டணம். 70ஐத் தாண்டியதும் ஒரு துண்டுக்கு 67தான் இடம் என்பதால், முதல் துண்டு “இணையவழிக்” என்ற சொல்லின் கடைசிப் புள்ளிக்கு முன்பே முடிந்துவிடும். இவ்வளவு எழுதியும் நேரம் எங்கும் இல்லை. இப்போது அனுப்புவது:

“நாளை ஞாயிறு இரவு 7.30. சீவி அமர்வு. லிங்க் வட்ஸ்அப் குழுவில்.”

இடைவெளிகளோடு சேர்த்து 61. ஒரே செய்தியில் அடங்கும், இன்னும் 9 இடம் மிச்சம். அதில் பெயரைச் சேர்க்கும் ஆசை வரும். பெயர் நீளமானால் மறுபடி இரண்டு செய்தியாகிவிடும் என்பதால் சேர்ப்பதில்லை.

“நாளை” என்ற சொல் குறுஞ்செய்தியில் மட்டும்தான் இருக்கலாம். வட்ஸ்அப் அழைப்பு கைமாறிக்கொண்டே இருக்கும். மூன்று நாள் கழித்து இன்னொரு பீடத்தின் குழுவில் வாசிப்பவருக்கு “நாளை” பொய்யாகிவிடும். அங்கே திகதி, கிழமை, நேரம் மூன்றும் வேண்டும். திகதியைப் போடுமுன் அது பரீட்சைக் காலமா என்று ஒவ்வொரு பீடத்திலும் ஒரு மாணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பீடத்துக்குப் பீடம் அட்டவணை வேறு, பேராதனையில் விடுமுறையாக இருக்கும் வாரம் ஒலுவிலில் பரீட்சை நடக்கலாம்.