‘என்ன அவசரம்?’, ‘எங்கே வரணும்?’: அவசர அழைப்பின் முதல் கேள்வி எதுவாக இருக்க வேண்டும்?

அவசர உதவி மையத்தில் அழைப்பை எடுப்பவர் எந்தக் கேள்வியுடன் தொடங்க வேண்டும் என்பதில் இரண்டு பழக்கங்கள் நிலவுகின்றன. ‘என்ன அவசரம்?’ என்று தொடங்குவது ஒன்று; ‘ஆம்புலன்ஸ் எங்கே வரணும்?’ என்று தொடங்குவது மற்றொன்று. நான் முதலாவதில் பழகி, பணியிடம் மாறியபோது இரண்டாவதற்கு வந்தவன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இப்போது இடத்தைக் கேட்டுத் தொடங்கவே கற்றுக்கொடுக்கிறேன். ஆகையால் இது நடுநிலையான ஒப்பீடு அன்று.

வேறு இரண்டு தொடக்கங்களும் உண்டு. அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். வணக்கம் கூறி, மையத்தின் பெயரையும் தன் பெயரையும் அறிவித்து, ‘நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று கேட்பது வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்த பழக்கம். பதற்றத்தில் இருப்பவர் அது முடியும்வரை காத்திருப்பதில்லை. நடுவிலேயே பேசத் தொடங்குவார், இருவர் குரலும் மோதி அவருடைய முதல் சொற்கள் வீணாகும். மற்றொன்று, 1937-இல் 999 என்ற எண்ணைத் தொடங்கிய பிரிட்டனில் உள்ள முறை. அங்கே தொலைபேசி நிறுவனத்தின் பணியாளர் முதலில் எந்தச் சேவை வேண்டும் என்று மட்டும் கேட்டு, காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றில் உரியதற்கு இணைப்பை மாற்றுவார். அழைப்பு இரண்டு கைகள் மாறிச் செல்லும் அமைப்பில் அது பொருந்தும். ஒரே மேசையில் எல்லாம் முடியும் இடத்தில் அதனால் கிடைப்பது குறைவு.

இனி முக்கியமான இரண்டுக்கு வருகிறேன். ‘என்ன அவசரம்?’ என்ற கேள்விக்கு உள்ள பெரிய வலிமை, அழைப்பவர் எதைச் சொல்ல வந்தாரோ அதையே அது கேட்கிறது என்பதாகும். கண்ணெதிரே ஒருவர் விழுந்து கிடக்கும்போது மனத்தில் நிற்பது முகவரி அன்று, அந்தக் காட்சி. அதைச் சொல்ல இடம் கொடுத்தால் அவர் உடனே பேசத் தொடங்குகிறார். ஆனால் பேசத் தொடங்குவதும் பயனுள்ள விவரம் தருவதும் ஒன்றல்ல என்பதை நான் கற்றது ஓர் இழப்பில்தான்.

ஒரு பெண் அழைத்தார். ‘என்ன அவசரம்மா?’ என்று கேட்டேன். கணவர் காலையிலேயே நெஞ்சு எரிகிறது என்றதையும், வாயுவாக இருக்கும் என்று தான் கஷாயம் வைத்துக் கொடுத்ததையும், வேலைக்குப் போகவேண்டாம் என்று தடுத்தும் அவர் கேட்காமல் குளிக்கப் போனதையும் வரிசையாகச் சொன்னார். தன்மீது பழி வந்துவிடுமோ என்ற அச்சமும் அந்தச் சொற்களில் கலந்திருந்தது. குளியலறைக் கதவு வரைக்கும் கதை வந்தபோது இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தேன், அவர் உறவினர் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார் போலும், எண் பிஸியாகவே இருந்தது. என் திரையில் நோயைப் பற்றிய குறிப்பு நன்றாகவே இருந்தது, இடம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவர் மீண்டும் இணைப்பில் வரும்வரை வண்டியை எந்தத் திசையில் அனுப்புவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

என் தேர்வைத் தீர்மானித்தது அந்தக் காலிக் கட்டம்தான். அழைப்பு எந்த நொடியிலும் அறுந்துபோகலாம்: மின்கலம் தீரலாம், சிக்னல் போகலாம், அழைப்பவரே மயங்கலாம், தாக்குபவர் கைபேசியைப் பிடுங்கலாம். அப்படி அறுந்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் இரண்டு தொடக்கங்களையும் எடைபோட வேண்டிய தராசு. இடம் தெரிந்து நோய் தெரியாவிட்டால் ஒரு வண்டியை அனுப்பிவிடலாம். போகிறவர்கள் அங்கே பார்த்துக்கொள்வார்கள், தேவைக்கு மிஞ்சிய வண்டி போனதாக இருந்தாலும் இழப்பு சிறியது. நோய் மிகத் துல்லியமாகத் தெரிந்து இடம் தெரியாவிட்டால் எதையும் அனுப்ப முடியாது. மற்ற தகவல்கள் எல்லாம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டுப் பெறக்கூடியவை.

‘என்ன பிரச்சினை?’ என்ற தொடக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேட்பவர் உதவுவதற்காகக் கேட்கிறார். பதறுகிறவரோ அதைத் தன்னை நம்பாமல் கேட்பதாக எடுத்துக்கொள்ளலாம். 1984-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் வந்த ஓர் அழைப்பு ஆய்வாளர்களால் சொல் சொல்லாக அலசப்பட்டிருக்கிறது. அழைத்தவர் ஆம்புலன்ஸ் வேண்டும் என்று முகவரியையும் சேர்த்தே சொல்லியிருந்தார். என்ன பிரச்சினை என்ற கேள்விக்கு, அது தெரிந்தால் நான் ஏன் அழைக்கப்போகிறேன் என்ற தொனியில் பதில் வந்தது. அங்கிருந்து உரையாடல் வாக்குவாதமாக மாறி, உதவி தாமதமாகி, நோயாளி இறந்துபோனார். எங்கே வரவேண்டும் என்ற கேள்வியில் இந்த முள் இல்லை. வருவதாக முடிவு செய்துவிட்டவர்தான் வழி கேட்பார் என்பது அழைப்பவருக்குச் சொல்லாமலே புரிகிறது.

இடத்தை முதலில் கேட்பதற்கு எதிராக ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பலர் அந்தக் கேள்விக்கு முதல் முறையில் பதில் தருவதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவர்களால் நகர முடிவதில்லை. அப்போது நடப்பதை, அடையாளங்களை மாற்றி, ஓர் அழைப்பைக் கொண்டு காட்டுகிறேன்.

‘அவசர உதவி. ஆம்புலன்ஸ் எங்க வரணும்?’

‘அப்பா விழுந்துட்டாரு, பேச்சு மூச்சு இல்ல, சீக்கிரம் வாங்க!’

‘வர்றோம்மா. எங்க வரணும்?’

‘ஐயோ, கண்ணே தெறக்க மாட்டேங்குறாரு…’

‘வர்றோம்மா. எங்க வரணும்?’

‘பழைய தண்ணித்தொட்டி இருக்குல்ல, அதுக்கு எதிர்ச் சந்து.’

‘தண்ணித்தொட்டிக்கு எதிர்ச் சந்து. எந்த ஊரும்மா, என்ன தெரு?’

மூன்று முறையும் ‘எங்க வரணும்?’ என்ற சொற்கள் மாறவில்லை, குரலின் உயரமும் மாறவில்லை. இது வேண்டுமென்றே செய்வது. கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டால் பதறிய மனம் அதைப் புதிய கேள்வியாக எடுத்துக்கொண்டு மீண்டும் தடுமாறும். அதே சொற்கள் திரும்ப வரும்போது ஏதோ ஒரு முறையில் அவை உள்ளே போய்ச் சேர்கின்றன. ‘பதறாதீங்க’ என்பதை நான் சொல்வதே இல்லை. அதற்குப் பதிலாக, அவர் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு ‘வர்றோம்மா’ என்ற ஒற்றைச் சொல் முன்னால் நிற்கிறது. அது இல்லாமல் கேள்வியை மட்டும் அடுக்கினால் இயந்திரத்தோடு பேசுவதுபோல் ஆகி, அழைப்பவர் கத்தத் தொடங்குவார். கடைசியில், அவர் தந்த அடையாளத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு அதற்குமேல் கேட்டதையும் கவனியுங்கள். திருப்பிச் சொல்லும்போதுதான் தவறாகக் கேட்டது வெளிப்படும்.

கேள்வியின் சொல்லமைப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘நீங்க எங்க இருக்கீங்க?’ என்று கேட்டால் அழைப்பவர் தான் நிற்கும் இடத்தைச் சொல்வார். அவர் வேற்றூரில் இருந்துகொண்டு, வீட்டில் தனியாக விழுந்துவிட்ட தாய்க்காக அழைத்திருக்கலாம். விபத்தைக் கடந்து வண்டியில் வெகுதூரம் போனபின் அழைத்திருக்கலாம். ‘எங்க வரணும்?’ என்றால் அந்தக் குழப்பம் வருவதில்லை.

இடம் கைக்கு வந்தவுடன்தான் ‘என்ன ஆச்சு?’ வருகிறது. அதைக் கேட்கும் விதமும் நேரத்தைத் தின்னும் அல்லது மிச்சப்படுத்தும். மேற்கு ஆஸ்திரேலியாவில் இதயத் துடிப்பு நின்றுபோன நோயாளிகளுக்காக வந்த ஆம்புலன்ஸ் அழைப்புகளை ஆராய்ந்தவர்கள், ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல் என்று வெறும் இறந்தகாலத்தில் கேட்டால் ஆதியிலிருந்து கதை வருவதையும், இப்போது என்ன ஆகியிருக்கிறது என்ற பொருள்படக் காலத்தைச் சற்றே மாற்றிக் கேட்டால் சுருக்கமான நிலவரம் வருவதையும் 2017-இல் எழுதினார்கள். தமிழில் ‘என்ன நடந்துச்சு?’ என்பதைவிட ‘இப்ப அவருக்கு எப்படி இருக்கு?’ என்பது அதே வேலையைச் செய்வதாக எனக்குப் படுகிறது. இது என் காதை நம்பிச் சொல்வது, எண்ணிப் பார்த்ததில்லை.

மேலே உள்ள அழைப்பில் மகள் ‘பேச்சு மூச்சு இல்ல’ என்றாள். நம் வழக்கில் அது பெரும்பாலும் நினைவிழந்து கிடப்பதைக் குறிக்கும். மூச்சு நின்றுவிட்டது என்று அதைவைத்து எழுதிவிடக் கூடாது, நிற்கவில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆகவே அடுத்ததாக, ‘அவர் நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்த்துச் சொல்லும்மா’ என்றுதான் கேட்டேன். ‘எப்பவாவது ஒரு தடவை கொர்ருனு இழுக்குது’ என்றாள். இப்படி இடைவெளி விட்டு வரும் இழுப்பு, இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் வரக்கூடியது. அழைப்பவர்கள் அதை மூச்சு என்றே எண்ணுவார்கள். நினைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்ற இரண்டும் சேர்ந்தால் மேற்கொண்டு விசாரிக்காமல் நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொடுக்கத் தொடங்க வேண்டும். அதற்குள் பக்கத்து மேசையில் இருந்தவர் வண்டியை அனுப்பிவிட்டிருந்தார். அதை அவளிடம் சொன்னேன். கேள்விகளால்தான் வண்டி தாமதமாகிறது என்று நினைப்பவர்கள் பலர். அந்த எண்ணம் நீங்கினால் பதில்களின் நீளம் குறைகிறது. வண்டி உண்மையில் கிளம்பியிருந்தால் மட்டுமே இதைச் சொல்லலாம்.

கைபேசியே இடத்தை அனுப்பிவிடும் காலத்தில் இந்த வாதம் எவ்வளவு நாள் நிற்கும் என்று உடன் பணிபுரிபவர் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. ஆண்ட்ராய்டில் 2016 முதலும் ஐபோனில் 2018 முதலும், ஆதரவு தரும் நாடுகளில், அவசர எண்ணை அழைத்தவுடன் கைபேசி தன் இருப்பிடத்தைத் தானாக மையத்துக்குத் தெரிவிக்கிறது. அது வந்த அழைப்புகளில் என் முதல் கேள்வி ஏறக்குறைய சரிபார்ப்பாகச் சுருங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அது காட்டுவது கைபேசி இருக்கும் இடத்தை. நோயாளி வேறிடத்தில் இருந்தால் பயனில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தில் எந்த மாடி, எந்தக் கதவு என்பதையும் வரைபடத்திலுள்ள ஒரு புள்ளி சொல்லாது.

குழந்தைகள் அழைக்கும்போது மட்டும் என் முறையை நானே கைவிடுகிறேன். ஆறேழு வயதுக் குழந்தைக்குத் தெருப்பெயர் தெரியாமல் போகலாம்; தெரியாத கேள்வி முதலில் வந்தால் பயந்து வைத்துவிடும். ‘உன் பேரு என்ன கண்ணு? வீட்டுல வேற யாரு இருக்காங்க?’ என்று தொடங்கி, பள்ளிக்கூடத்தின் பெயர், வீட்டு வாசலில் நின்றால் தெரியும் கடை என்று இடத்தை நோக்கி நகர்ந்திருக்கிறேன். அத்தகைய அழைப்புகளை நான் எடுத்தது மிகச் சிலவே என்பதால், அவற்றுக்கு இதுவே சரியான தொடக்கம் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.