போத்தலா, டப்பாவா, பையா: ஊறுகாயை விமானத்தில் கசியாமல் கொண்டுபோக

கோலாலம்பூரிலிருந்து மெல்பர்னுக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் பெட்டியில் ஒரு கிலோ மாங்காய் ஊறுகாய், ஒரு கிலோ கறித்தூள், அரை லிட்டர் நல்லெண்ணெய் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு வழக்கமாகக் கையில் எடுப்பவை மூன்று: கண்ணாடிப் போத்தல், திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, சூட்டில் ஒட்டும் தடித்த பை. ஊறுகாய்க்கும் தூளுக்கும் என் ஓட்டு பைக்குத்தான். எண்ணெய்க்கு மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் போத்தல்.

எடை, உடைசல் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. முடிவு செய்வது வேறொன்று: உள்ளே அடைபட்ட காற்று. சரக்கு அறையிலும் பயணிகள் அறையைப் போலவே காற்றழுத்தம் குறையும். ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமம் அது. அங்கே வெளி அழுத்தம் தரையில் இருப்பதைவிடக் கால் பங்குவரை குறைவு. தரையில் மூடிய போத்தலுக்குள் இருக்கும் காற்றோ பழைய அழுத்தத்திலேயே நிற்கிறது, விரியப் பார்க்கிறது. ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள மூடியை உள்ளிருந்து ஏறத்தாழ ஏழு கிலோ எடை தள்ளுவதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் பெட்டி படுத்துக் கிடக்கும். நீங்கள் நிமிர்த்தி அடுக்கிய போத்தலும் அதோடு படுத்திருக்கும். மூடிக்கு உள்பக்கம் இருப்பது காற்று அல்ல, எண்ணெய். எண்ணெயோ திருகு வரியில் மெல்ல ஊர்ந்து வந்துவிடும் சரக்கு.

கண்ணாடி விரிந்து கொடுக்காது. அதனால் முழு அழுத்தமும் மூடியின் ரப்பர் வளையத்தில்தான் விழும். தொழிற்சாலையில் வெற்றிடம் பிடித்து மூடிய, நடுப்பொட்டு உள்வாங்கி இருக்கும் போத்தல் பிரிக்காதவரை தாங்கும். அதையே காலி செய்து கழுவி மறுபடி நிரப்பினால் கதை வேறு. மூடியின் உள்வளையத்தில் பழைய விளிம்பு பதிந்த பள்ளம் இருக்கும். போன தடவை ஊறுகாயின் சிவப்பும் ஏறியிருக்கும். அந்தப் பள்ளம் புது இடத்தில் உட்காராது. மூடிக்கு அடியில் கிளிங் பிலிம் விரிப்பது பலர் வீட்டு வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திருகும்போது பிலிம் மடிந்து சுருங்குகிறது. ஒவ்வொரு மடிப்பும் எண்ணெய்க்கு ஒரு வாய்க்கால்.

பிளாஸ்டிக் டப்பா கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்பதால் கண்ணாடியைவிட மேல். மூடிக்குள் நுரைத்தாள் வட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் மூடி போதாது. சூடாக நிரப்பினால் வாய்ப்பகுதி கோணிவிடும், மூடி பிடிக்காது.

இனி பை. பேக்கரி சாமான் கடைகளில் அடிப்பக்கம் விரிந்து நிற்கும், மேலே சிப் வைத்த தடித்த பை கிடைக்கும். உள்ளே தெரிகிற பையாக வாங்குங்கள். அலுமினியப் பளபளப்புள்ள பையில் ஒட்டிய இடம் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. சிப்பை மட்டும் நம்பக் கூடாது; அது வீட்டு அலமாரிக்குத்தான். சிப்புக்கு மேலே சூட்டில் ஒட்டுவதுதான் காவல்.

ஒரு கிலோவை ஒரே பையில் போடாமல் கால் கிலோவாக நான்கு பையில் போடுங்கள். ஊறுகாய் முழுதாக ஆறியிருக்க வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெயில் பெரும்பகுதியை வடித்துவிடலாம். போன இடத்தில் எண்ணெய் காய்ச்சி ஆறவிட்டு ஊற்றிக்கொண்டால் ஆயிற்று. நிரப்பும் முன் பையின் வாயைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் இரண்டு அங்குலம் வெளியே மடித்துவிடுங்கள். கரண்டி எங்கே இடித்தாலும் ஒட்டப்போகும் இடம் சுத்தமாக இருக்கும். இதில்தான் பலருடைய பை தோற்கிறது: ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தால் இரண்டு தாளும் உருகிச் சேராது, ஒட்டியதுபோல் காட்டும். மடிப்பை நிமிர்த்தியதும் உள்பக்கத்தை டிஷ்யூவால் துடையுங்கள். இரண்டாவது டிஷ்யூவில் மஞ்சளோ சிவப்போ தெரியாதவரை விடாதீர்கள்.

அடுத்தது காற்றை வெளியேற்றுவது. வெற்றிட இயந்திரம் ஈரமான ஊறுகாயில் எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சிவிடும். ஒரு வாளித் தண்ணீர் போதும். சிப்பை ஓர் ஓரம் மட்டும் திறந்து வைத்துப் பையை வாய்வரை தண்ணீரில் இறக்குங்கள். தண்ணீர் சுற்றி நெருக்கும்போது காற்று தானே மேலே போய்விடும். அப்படியே சிப்பை மூடி வெளியே எடுத்து, வாயை நன்றாக உலர்த்துங்கள். பிறகு பை வாயைச் சூட்டில் ஒட்டும் சீலரில் இரண்டு கோடு, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில். சீலரின் விளக்கு அணைந்த பிறகும் மூன்று விநாடி அழுத்தியபடியே இருந்தால்தான் ஒட்டு ஆறி இறுகும். சரிபார்க்க, ஓரத்தைப் பிடித்து இழுங்கள். கோடு தாளாகப் பிரிந்தால் சூடு போதவில்லை. தாளே நீண்டு கிழியப் பார்த்தால் சரி. கடைசியாகப் பையை டிஷ்யூ மேல் படுக்க வைத்து, ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் டிஷ்யூவில் எண்ணெய்ப் பொட்டு இருந்தால் அந்தப் பை வேண்டாம்.

பை எல்லாவற்றுக்கும் ஆகாது. ஓட்டோடு வெட்டிய ஆவக்காய்த் துண்டும் கருவாட்டு முள்ளும் உள்ளிருந்தே குத்தும், அவற்றுக்கு டப்பாதான். இன்னும் ஊறி முடியாத எலுமிச்சை ஊறுகாய், பினாங்குப் பக்கத்து அச்சார் போன்றவை நொதித்து வாயு விடலாம். ஒட்டிய பையை இரண்டு மூன்று நாள் சமையலறை மேசையிலேயே வைத்துப் பாருங்கள். உப்பினால் அது பயணத்துக்குத் தயாரில்லை.

கறித்தூளுக்கும் இதே பை, இதே துடைப்பு. மிளகாய்த்தூள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது என்பதால் புனல் அல்லது சுருட்டிய காகிதத்தின் வழியே கொட்டுங்கள். வாளி வேண்டாம், கையால் காற்றை அழுத்தினால் போதும்.

எண்ணெயில் பிரிக்காத போத்தலாக, மூடிக்கு அடியில் இழுத்துப் பிய்க்கும் வளையம் அப்படியே இருப்பதாக எடுப்பது நல்லது. தட்டித் திறக்கும் மூடி வேண்டாம். வீட்டு எண்ணெயானால் மெல்லிய பிளாஸ்டிக் போத்தலில் இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றி, எண்ணெய் கழுத்துக்கு ஏறும்வரை பக்கத்தை அமுக்கி, அமுக்கியபடியே மூடியைத் திருகுங்கள். போத்தல் நெளிந்து நிற்கும், அதுதான் வேண்டும். விமானத் தளத்தின் வெயிலில் அரை லிட்டர் எண்ணெய் சுமார் பத்து மில்லிலிட்டர் பெருக்கலாம். அந்த நெளிவு நிமிர்ந்து அதற்கு இடம் கொடுக்கும். விளிம்புவரை நிரப்பிய கண்ணாடியில் அதற்கு வழியில்லை.

ஒவ்வொன்றையும் டிஷ்யூ சுற்றி, காற்றை அமுக்கி எடுத்த இன்னொரு சிப் பையில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரு கெட்டியான சாப்பாட்டு டப்பாவுக்குள் அடுக்கி, பெட்டியின் நடுவில், சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் தள்ளி, துணிகளுக்கு இடையில் வையுங்கள். ஒவ்வொரு பையிலும் என்ன பொருள், என்னென்ன சேர்ந்தது என்று ஆங்கிலத்தில் ஒட்டிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எதுவானாலும் வருகை அட்டையில் சொல்லியாக வேண்டும். அதிகாரி பிரித்துப் பார்க்கக் கேட்டால் நான்கில் ஒரு பையை மட்டும் வெட்டினால் போதும். மற்ற மூன்றும் ஒட்டியபடியே வீடு போய்ச் சேரும்.