ஒன்டாரியோ பாரிஸ்டர் தேர்வு: வண்ண ஒட்டியா, அகரவரிசைச் சுட்டியா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வழக்கறிஞர் உரிமத்துக்கான பாரிஸ்டர் தேர்வைப் புத்தகம் திறந்து வைத்தே எழுதலாம். நான் எழுதியபோது 160 கேள்விகள், நாலரை மணி நேரம். ஒரு கேள்விக்கு நூறு வினாடி. படித்துப் புரிந்துகொள்ளவே பாதி போய்விடும். பக்கத்தைத் தேட மிஞ்சுவது நாற்பது, ஐம்பது வினாடிதான்.

பக்க ஓரத்தில் ஒட்டும் வண்ண ஒட்டிகள் மலிவு, ஒரு மாலையில் ஒட்டி முடித்துவிடலாம். சிவில், குற்றவியல், குடும்பச் சட்டம் என்று பெரிய பிரிவுகளுக்குப் போக அவை போதும். நானும் பிரிவுக்கு ஒன்று ஒட்டினேன். ஆனால் நம்பியது, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் நானே தயாரித்த சுட்டியைத்தான்.

காரணத்தை ஒரு கேள்வியை வைத்தே சொல்கிறேன். கட்சிக்காரர் ஜனவரி 5 அன்று ஐசில் வழுக்கி விழுகிறார், 20ஆம் தேதி உங்களிடம் வருகிறார். வழக்குப் போட இன்னும் நேரம் இருக்கிறதா? 'காலவரம்பு' ஒட்டியைத் திறந்தால் இரண்டு ஆண்டு என்று இருக்கும். அதை நம்பினால் தவறு. விழுந்தது நகராட்சி நடைபாதை என்றால் பத்து நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அது கடந்துவிட்டது, இனி தாமதத்துக்கு நியாயமான காரணமும், அதனால் நகராட்சியின் தரப்புக்குப் பாதிப்பு இல்லை என்பதும் காட்டினால்தான் வழி. தனியார் கடையின் வாகன நிறுத்துமிடம் என்றால் அறுபது நாள், அவகாசம் இருக்கிறது. இவை காலவரம்புத் தலைப்பின் கீழேதான் வரும் என்று நம்பி உட்கார முடியாது. என் சுட்டியில் 'ஐஸ்', 'நடைபாதை', 'நகராட்சி', 'நோட்டீஸ்' என்ற நான்கு சொல்லுக்கும் தனித்தனிப் பதிவு போட்டேன். கேள்வியில் எந்தச் சொல் கண்ணில் பட்டாலும் அந்தப் பக்கத்துக்குப் போகலாம்.

சுட்டியைக் கெடுப்பது ஒன்றே ஒன்று, பக்க எண். பாடப்பொருள் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. நடுவில் ஒரு பத்தி கூடினாலே அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நகரும். தெரிந்தவர் ஒருவர் முந்தைய ஆண்டுச் சுட்டியைக் கொடுத்தார். இருபது பதிவுகளைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பகுதியில் சரியாக இருந்தது, போகப் போக இரண்டு மூன்று பக்கம் தள்ளியிருந்தது. அதைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாகவே தொடங்கினேன். ஒரு அத்தியாயத்தைப் படித்து முடித்த அன்றே அதன் பதிவுகளை எழுதி, பிரிவின் கடைசியில் பத்துப் பதிவைச் சரிபார்த்தேன். ஒன்று தவறினாலும் அந்தப் பிரிவு முழுவதையும் திரும்பப் பார்த்தேன். மூன்று வாரம் பிடித்தது, அப்புறம் தேர்வில் பாதிக் கேள்விகளுக்குச் சுட்டியைத் திறக்கவே தேவைப்படவில்லை. எழுதும்போதே மனதில் நின்றுவிட்டது.

ஒட்டிகளை மட்டும் வைத்து நான் எழுதிப் பார்த்ததில்லை. குற்றவியல் நடைமுறை போல வரிசைப்படி நகரும் பகுதிக்கு அவையே போதுமானதாக இருக்கலாம். நேரம் ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் காலக்கெடுகளுக்கும் விதிவிலக்குகளுக்கும் மட்டும் சுட்டி போட்டு, மற்றதை ஒட்டிகளிடம் விடுங்கள்.