ரீஆர்டர் லெவலா, விற்பனை முன்கணிப்பா: ஐந்து கிளைக் கடையில் எண்ணெய் பாக்கெட் சொல்லும் கணக்கு

வேகமாக ஓடும் சரக்கை ஆர்டர் செய்ய ரீஆர்டர் லெவல், விற்பனை முன்கணிப்பு இரண்டில் எந்த முறை சரி என்று கேட்டால், அந்தக் கேள்வி கிளைக்கா குடோனுக்கா என்றுதான் நான் முதலில் கேட்பேன். இரண்டுக்கும் பதில் வேறு. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டை வைத்தே பார்ப்போம்.

ரீஆர்டர் லெவலின் கணக்கு எளிமையானது. ஒரு நாள் சராசரி விற்பனையை, லோடு வந்து சேர ஆகும் நாட்களால் பெருக்கி, கொஞ்சம் பாதுகாப்பு இருப்பைச் சேர்க்க வேண்டும். கையிருப்பு அந்த அளவைத் தொட்டதும், சரக்கு அனுப்பச் சொல்லி கிளை குடோனுக்கு இன்டென்ட் போடும். நாளுக்கு 40 பாக்கெட், குடோனிலிருந்து வர 3 நாள், பாதுகாப்புக்கு 45 என்றால் லெவல் 165.

இந்த 40-தான் சிக்கல். சம்பள வாரமான முதல் 7 நாளில் ஒரு நாளைக்கு 70 போகும், மீதி நாட்களில் 31 போகும். இரண்டையும் கலந்தால்தான் 40 வருகிறது. உண்மையில் 40 விற்கும் நாள் என்று மாதத்தில் ஒன்றுகூட இருக்காது. 2-ஆம் தேதி காலையில் கையிருப்பு 165-ஐத் தொட்டு இன்டென்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளில் 140 விற்றுவிடும். மூன்றாம் நாள் காலையிலேயே மிச்சமிருக்கும் 25-ம் தீர்ந்து, சாயங்காலக் கூட்டம் வரும்போது ரேக் காலி. அதே லெவல் 20-ஆம் தேதி வாக்கில் நேர்மாறாக வேலை செய்யும். மூன்று நாளுக்கு 93 போதும், லோடு வந்து இறங்கும்போது பழைய சரக்கே 72 பாக்கெட் கிடக்கும். ஐந்து கிளைக்கும் சேர்த்தால் 360 பாக்கெட்டில் பணம் முடங்கியிருக்கிறது.

இதற்காக முறையையே தூக்கிப்போட வேண்டாம். லெவலை இரண்டாக வைத்தால் போதும்: சம்பள வாரத்துக்கு 240, மற்ற நாட்களுக்கு 110. ஆனால் 1-ஆம் தேதி மாற்றினால் லோடு 4-ஆம் தேதிதான் வரும். 28-ஆம் தேதியே லெவலை 240-க்கு உயர்த்தி, 6-ஆம் தேதி 110-க்குக் குறைத்துவிட வேண்டும். இன்னொன்று, இன்டென்ட் போட்டு வழியில் இருக்கும் சரக்கையும் கையிருப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த நாளும் லெவலுக்குக் கீழே தெரிந்து, அதே ஆர்டர் இரண்டு தடவை போய்விடும்.

முன்கணிப்பு வேறு வழியில் போகிறது. பழைய விற்பனையைப் பார்த்து, வரும் நாட்களில் எவ்வளவு போகும் என்று முன்பே சொல்கிறது. சம்பள வாரத்தை அதுவே கண்டுகொள்ளும். தீபாவளி வந்தால்தான் தடுமாறும். 2023-ல் தீபாவளி நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. போன வருஷம் இதே தேதியில் என்ன விற்றது என்று பார்க்கும் கணக்கு, பலகாரம் சுடும் வாரத்தைத் தவறவிட்டு, பண்டிகை முடிந்த பிறகு சரக்கைக் குவிக்கும். தேதியை விட்டுவிட்டு, தீபாவளிக்கு எத்தனை நாள் முன் என்று வரிசைப்படுத்தினால் கணக்கு ஒழுங்காகிவிடும்.

இதைவிட ஆபத்தான பிழை ஒன்று உண்டு. நான் கொள்முதல் பார்த்த கடையில் அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. சம்பள வாரத்தில் இரண்டு நாள் ரேக் காலி. பில்லில் அந்த இரண்டு நாளும் பூஜ்யம். சரக்கு இல்லாத பூஜ்யத்தை, கேட்க ஆளில்லாத பூஜ்யம் என்று கணக்கு எடுத்துக்கொண்டது. 70 என்றிருந்த நாள் சராசரி 50 ஆனது, அடுத்த மாதம் ஆர்டர் குறைந்தது, மறுபடியும் காலி. திரையில் பார்த்தால் முன்கணிப்பும் விற்பனையும் அழகாகப் பொருந்தியிருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. தினமும் இரவு கையிருப்பு பூஜ்யமான பொருட்களைக் குறித்து, அந்த நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகுதான் சரியானது. லெவலுக்கு எடுக்கும் சராசரியிலும் இதே பிழை நுழையும், அங்கேயும் நீக்க வேண்டும்.

சரி, எதை எங்கே வைப்பது? கிளையில் ரீஆர்டர் லெவல்தான் என் தேர்வு. மூன்று நாளில் சரக்கு வந்துவிடும், கணிப்பு கொஞ்சம் தப்பினாலும் பாதுகாப்பு இருப்பு தாங்கும், கிளை மேனேஜர் அந்த எண்ணைப் பார்த்தே புரிந்துகொள்வார். குடோனுக்கு அது ஒத்துவராது. கம்பெனி லோடு வர 10 நாள் ஆகும் என்றால், 1-ஆம் தேதி ஐந்து கிளையும் ஒன்றாக இன்டென்ட் போட்ட பிறகு ஆர்டர் செய்து பயனில்லை. அங்கே முன்கணிப்பு வேண்டும். ஐந்து கிளை விற்பனையைக் கூட்டிக் கணிக்கும்போது, ஒரு கிளையில் கூடினது இன்னொன்றில் குறைந்து ஈடுகட்டிக்கொள்வதால் பிழையும் குறைவு. அந்தக் கணிப்பிலிருந்தே கிளைகளின் லெவலை மாதம் ஒருமுறை திருத்தலாம்.

புதுக் கிளைக்கு இரண்டு முறையுமே தொடக்கத்தில் உதவாது, பழைய விற்பனையே இல்லை. அதே மாதிரி தெரு, அதே அளவு கடை உள்ள கிளையின் லெவலை முதல் இரண்டு மாதம் கடன் வாங்குங்கள். அப்புறம் சொந்த பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.