வேலைநிறுத்த வாரத்தில் பாரிஸிலிருந்து சென்னைக்கு

நான் பிராங்க்பர்ட் வழியாகச் சென்னைக்குப் புறப்பட இருந்த வாரத்தில், பிரான்ஸின் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தனர். பணிக்கு வராதவர்கள் 48 மணி நேரத்துக்கு முன்பே அதைத் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் அங்கே சட்டம் வந்தது. அந்த எண்ணிக்கை தெரிந்த பிறகே, எந்த விமான நிலையத்தில் எவ்வளவு விமானங்களைக் குறைப்பது என்று அரசின் விமானப் போக்குவரத்துத் துறை விமான நிறுவனங்களுக்குச் சொல்கிறது. ஆகையால் ரத்துப் பட்டியல் பெரும்பாலும் கடைசி இரண்டு நாள்களில்தான் வெளிவருகிறது. அதற்கு முன் பதற்றத்தில் நாமே டிக்கெட்டை ரத்து செய்தால், நிறுவனம் ரத்து செய்யும்போது கிடைக்கும் உரிமைகளை இழந்துவிடுவோம்.

எனக்கு பாரிஸ்–பிராங்க்பர்ட் விமானம் மட்டும் ரத்தானது. சென்னை விமானம் வழக்கம்போல் புறப்பட இருந்தது. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பு பணத்தைத் திரும்பப் பெறும் வழியைத்தான் முதலில் காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, பணம் வேண்டுமா, மாற்றுப் பயணம் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்கே உண்டு. பணத்தை ஏற்றுக்கொண்டால், நம்மை ஊர் சேர்க்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லாமல் போகும் என்பதால் நான் அதைத் தொடவில்லை.

பிராங்க்பர்ட்டுக்கு ரயிலில் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் சொல்லாமல் போய் நின்றால், முதல் பகுதியில் பயணி வரவில்லை என்று பதிவாகி, மீதிப் பகுதிகளும் தாமாகவே ரத்தாகிவிடக்கூடும். எனவே தொலைபேசியில் காத்திருந்து, முதல் பகுதியை நீக்கிப் பயணம் பிராங்க்பர்ட்டில் தொடங்கும்படி டிக்கெட்டை மறுவெளியீடு செய்யச் சொன்னேன். முகவர் "மாற்றியாயிற்று" என்று சொன்னதோடு நான் விடவில்லை. புதிய 13 இலக்க மின்டிக்கெட் எண் மின்னஞ்சலில் வந்த பிறகே அழைப்பைத் துண்டித்தேன். முன்பதிவு மாறி, டிக்கெட் மாறாமல் கிடந்தால் கவுன்டரில் போர்டிங் பாஸ் தர மாட்டார்கள். ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

அதே நாளில் புறப்பட வேண்டிய என் மைத்துனர் இரண்டு பகுதிகளையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தார். முதல் நிறுவனம் குறுகிய பயணத்தின் பணத்தை மட்டும் தந்தது. இரண்டாவது நிறுவனத்துக்கு அவர் வந்து சேராதது பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை. விமானம் புறப்படும் முன்பே அழைத்துக் கட்டணம் கட்டித் தேதியை மாற்றியதால்தான் அந்த டிக்கெட்டாவது பிழைத்தது.

இழப்பீடு வேறு விஷயம். கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் நிறுவனத்தின் கைமீறியது என்பதால் இழப்பீடு கிடையாது. ஆனாலும் காத்திருக்கும்போது உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் நிறுவனம் தந்தாக வேண்டும். நிறுவனத்தின் சொந்த விமானிகள் வேலைநிறுத்தம் செய்து, இரண்டு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் ரத்தானால், சென்னை போன்ற நெடுந்தொலைவுக்கு 600 யூரோ வரை கேட்கலாம். 2021இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்வாறே தீர்ப்பளித்தது. பயணக் காப்பீட்டை வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்ட பிறகு வாங்கினால், அந்த வேலைநிறுத்தத்தால் வரும் இழப்பை அது பொதுவாக ஏற்காது.