நான்கடிக்கு ஏழடி குளியலறை: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

செல்லூரில் எங்கள் பழைய வீட்டுக் குளியலறையை இடித்துக் கட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. டைல்ஸ் ஒட்டிய பிறகு அகலம் 4 அடி, நீளம் 7 அடி. கதவு குறுகிய சுவரில். நுழைந்ததும் 2 அடிக்குள் வாஷ்பேசின், அடுத்த இரண்டரை அடி மேற்கத்தியக் கழிப்பறைக்கு, கடைசி இரண்டரை அடி குளிக்க. பேசினும் கழிப்பறையும் வலப்பக்கச் சுவரில் இருப்பதால் இடப்பக்கம் நேராக நடந்து போகலாம்.

கதவில்தான் கொத்தனாரோடு சண்டை. "உள்ளே திறந்தால்தான் சார், கதவில் வடியும் தண்ணீர் உள்ளேயே விழும்" என்றார். அவர் சொன்னது சரிதான், அறை முழுவதும் நனைகிற வரையில். ஆனால் இரண்டரை அடிக் கதவு உள்ளே சுழன்றால், பேசின் முன்னால் நிற்பவர் நகராமல் அதை மூட முடியாது. அம்மா உள்ளே மயங்கி விழுந்தால் அவரே கதவுக்கு முட்டாகிவிடுவார். குளிக்கும் இடம் கதவிலிருந்து நாலரை அடி தள்ளிப் போனதால் கதவு நனைவதே இல்லை. அதனால் வெளியே திறக்கும்படி வைத்தோம். கீல் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். திறந்த கதவு நடையை மறிக்காமல் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

கழிப்பறையின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 15 அங்குலம் விட்டோம். அது சுவரிலிருந்து 26 அங்குலம் நீள்கிறது, முழங்காலுக்கு முன்னால் 22 அங்குலம் மிச்சம். இதற்குக் குறைந்தால் எழும்போது எதிர்ச்சுவர் இடிக்கும். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தே முடிவு செய்தோம். இந்த அளவுகளைச் செங்கல் சுவரிலிருந்து எடுக்காதீர்கள். பூச்சும் டைல்ஸும் இரு பக்கமும் சேர்த்து 3 அங்குலம் வரை விழுங்கிவிடும்.

நாங்கள் வாளியும் குவளையும் வைத்துக் குளிப்பவர்கள், தண்ணீர் ஷவரைவிடத் தூரம் தெறிக்கும். திரைச்சீலை போதாது என்று, கழிப்பறைப் பக்கம் 2 அடி அகலக் கண்ணாடித் தடுப்பு வைத்தோம். வரப்பு கட்டினால் அம்மாவுக்குத் தடுக்கும், அதனால் குளிக்கும் தரையை மட்டும் ஓர் அங்குலம் தாழ்த்தி, கோடி மூலையில் வடிகால் வைத்தோம். அங்கே ஓரடி டைல்ஸ்தான் சரி. இரண்டடி டைல்ஸை ஒரு மூலையை நோக்கிச் சாய்க்க முடியாது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்கள் கழித்தும் எங்காவது தேங்கினால் வாட்டம் தவறு.

என் தவறு ஒன்று: துண்டுக் கம்பியைக் கதவருகே மாட்டினேன். குளித்தவர் சொட்டச் சொட்ட உலர்ந்த பக்கம் நடந்துவந்தார், மிதியடி தினமும் ஈரம். கம்பியைத் தடுப்பின் ஓரத்துக்கு மாற்றிய பிறகு அது காய்ந்தே கிடக்கிறது.

கண்ணாடித் தடுப்புதான் இன்னும் தொல்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் இரண்டே மாதத்தில் வெள்ளை பூத்தது, வாரம் ஒருமுறை வினிகர் போட்டுத் துடைக்கிறேன். இன்னொரு முறை கட்டினால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கிரானைட் பலகையை நிறுத்திவிடுவேன்.