சாலிட்டேர்: பூட்டிக்கொண்ட கட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? சில வருட ஆட்ட அனுபவம்

ஒத்தக்கடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஆள் வராது. அந்த நேரத்தில் போனில் சாலிட்டேர் ஆடுவது சில வருடப் பழக்கம். ஏழு வரிசை போட்டு, சிவப்பும் கறுப்புமாக இறக்கி, ஏஸிலிருந்து ராஜா வரை மேலே ஏற்றும் அந்தப் பழைய ஆட்டம்தான். உசிலம்பட்டியில் இருக்கும் என் மாமா இதையே நிஜச் சீட்டில் ஆடுகிறவர். போனில் ஆட ஆரம்பித்த பிறகு அவருக்கு ஒரே புகார்: "மாப்ள, இந்த ஆப்புக்காரன் வேணும்னே தோக்க வைக்கிறான்டா. பாதி ஆட்டம் நகரவே மாட்டேங்குது."

அந்தச் சந்தேகம் பலருக்கும் உண்டு. சீட்டை நியாயமாகக் கலைத்தாலும் சில கட்டுகளை யாராலும் முடிக்க முடியாது என்பதுதான் இதற்குப் பதில். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பிளேக், ஜென்ட் என்ற இருவர் கணினி நிரல் ஒன்றை எழுதி ஏராளமான கட்டுகளை ஆடவிட்டுப் பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த முடிவு இது: மீதிக் கட்டிலிருந்து மூன்று மூன்றாகத் திருப்பும் முறையில் சுமார் 82 சதவீதக் கட்டுகளுக்கு வெற்றி வழி உண்டு. ஒவ்வொன்றாகத் திருப்பினால் சுமார் 90 சதவீதம். ஆனால் இது கவிழ்ந்த சீட்டு எல்லாம் தெரிந்தவன் கணக்கு. நமக்கு எதுவும் தெரியாது. 2004இல் வந்த இன்னொரு ஆய்வில், சீட்டு அத்தனையும் திறந்து வைத்து நிதானமாக ஆடிய தேர்ந்த மனிதர் ஒருவரே 37 சதவீதம் அளவுக்குத்தான் ஜெயித்தார். ஆக, தோற்ற ஆட்டம் இரண்டு வகை. ஒன்றில் வழி இருந்தது, நமக்குக் கிடைக்கவில்லை. மற்றதில் வழியே இல்லை.

இந்த இரண்டாவது வகையைத்தான் நான் ஆசையாகக் கவனிக்க ஆரம்பித்தேன். மாமா வீட்டில் நிஜச் சீட்டில் ஆடுவதில் ஒரு வசதி: ஆட்டம் நின்றுபோனதும் வரிசையைக் கலைக்காமல் கவிழ்ந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்த ஒரு கட்டு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. ஏழாவது வரிசையில் மேலே திறந்திருந்தது கிளாவர் 6. அதன் கீழே ஆறு கவிழ்ந்த சீட்டு. கடைசிவரை அந்த 6 அசையவே இல்லை. திருப்பிப் பார்த்தால் அந்த ஆறில் ஆட்டின் 7, டைமண்ட் 7, கிளாவர் 2 மூன்றும் இருந்தன.

கிளாவர் 6 அந்த இடத்தைவிட்டு நகர இரண்டே வழிதான். ஒன்று, சிவப்பு 7 ஒன்றின் மேல் போய் உட்கார வேண்டும். கட்டில் இருப்பதே இரண்டு சிவப்பு 7. இரண்டும் அதன் அடியில். இரண்டாவது, மேலே கிளாவர் இடத்துக்கு ஏற வேண்டும். அதற்கு முதலில் ஏஸ் முதல் 5 வரை ஏறியிருக்க வேண்டும். ஆனால் 2 அதன் அடியில். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய பெட்டி மாதிரி. மீதி 45 சீட்டு எப்படி வந்திருந்தாலும், எவ்வளவு கெட்டிக்காரர் ஆடினாலும் இந்தக் கட்டு முடியாது. எவ்வளவு தூரம்தான் போகும் என்றும் கணக்குப் போடலாம். கிளாவர் ஏஸோடு நிற்கும். ஆட்டினும் டைமண்டும் 6க்கு மேல் ஏறாது. ஸ்பேடு முழுதாக 13 ஏறினால்கூட மொத்தம் 26. சரியாகப் பாதிக் கட்டு.

இதில் என்னை உறுத்துவது, ஆட்டம் உடனே நிற்காது என்பதுதான். மற்ற வரிசைகள் அழகாகத் திறக்கும், ஏஸ் எல்லாம் மேலே போகும், ஜெயிக்கப் போகிறோம் என்றே தோன்றும். ஆப்பும் எதுவும் சொல்லாது. "இனி நகர்த்த வழியில்லை" என்று அது காட்டும்போது, இப்போதைய நிலையில் வழியில்லை என்றுதான் பொருள். பத்து நகர்வு பின்னால் போனால் வழி இருக்கலாம். ஆரம்பத்திலேயே பூட்டிய கட்டிலோ பத்து நிமிடம் வரை நகர்த்திக்கொண்டே இருக்கலாம்.

இந்த மாதிரி ஒரே வரிசைக்குள் பூட்டு விழுவது அரிது. ஏழாவது வரிசையில் கிளாவர் 6 மேலே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிவப்பு 7ம் அடியிலுள்ள ஆறுக்குள் மாட்டும் வாய்ப்பு 85இல் ஒன்று. கூடவே கிளாவரின் சின்னச் சீட்டு ஐந்தில் ஒன்றாவது மாட்ட வேண்டும். சேர்த்துப் பார்த்தால் சுமார் 240இல் ஒன்றுதான் வருகிறது. அப்படியானால் 18 சதவீதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சுற்றிவளைத்து விழும் பூட்டுகளிலிருந்து. ஆறாவது வரிசை திறக்கத் தேவையான சீட்டு ஏழாவதின் அடியில் இருக்கும்; ஏழாவது திறக்கத் தேவையானது ஆறாவதின் அடியில் இருக்கும். சில நேரம் மூன்று நான்கு வரிசை இப்படிக் கைகோத்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். கணினிக்கே நேரம் எடுக்கிறது.

மூன்று மூன்றாகத் திருப்பும் முறையில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. மீதிக் கட்டில் 24 சீட்டு, அதாவது எட்டு மூன்று. எதையும் எடுக்காமல் எத்தனை முறை சுற்றினாலும் அதே எட்டுச் சீட்டுதான் மேலே வரும். மற்ற 16 கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. ஒரு சீட்டை எடுத்தால்தான் அதற்குப் பின்னால் உள்ளவை ஓரிடம் நகர்ந்து அடுத்த சுற்றில் புதிய முகங்கள் வரும். எட்டில் ஒன்றும் உதவாமல், கீழேயும் நகர்வு இல்லாவிட்டால், ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்தது. அதனால் மாமாவை ஒவ்வொன்றாகத் திருப்பும் முறைக்கு மாற்றிவிட்டேன். புகார் பாதியாகக் குறைந்தது.

"வெல்லக்கூடிய ஆட்டம் மட்டும்" என்ற அமைப்பையும் பல மாதம் பயன்படுத்தினேன். கணினி ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்த கட்டுகளை மட்டும் அது தருகிறது. நல்ல அமைப்புதான், ஆனால் அந்த வழி எல்லாச் சீட்டும் தெரிந்தவனுக்கான வழி. கறுப்பு 9 ஒன்று காலியாக இருக்கும். இரண்டு சிவப்பு 8 அதற்குப் போட்டி போடும். எதை நகர்த்தினால் தேவையான சீட்டு திறக்கும் என்று மேலிருந்து தெரியாது. நான் அடியில் கவிழ்ந்த சீட்டு அதிகமுள்ள வரிசையைத்தான் எடுப்பேன். பெரும்பாலும் அது சரி, எப்போதும் இல்லை.

சாதாரண அமைப்பில் ஆடும்போது பூட்டை முன்கூட்டியே முகர ஒரு வழி உண்டு. மீதிக் கட்டை முழுதாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டால் 24ம், திறந்திருக்கும் ஏழும் சேர்த்து 31 சீட்டு தெரிந்துவிடும். தெரியாதது 21 மட்டுமே. நகராமல் நிற்கும் சீட்டுக்கு வேண்டிய இரண்டு சீட்டையும் தேடுவேன். இரண்டும் அந்த 31இல் இல்லையென்றால் சந்தேகம். மற்ற வரிசைகள் எல்லாம் திறந்த பிறகும் அவை வரவில்லை, அதே சாதியின் சின்னச் சீட்டு ஒன்றும் வரவில்லை என்றால் எல்லாம் அந்த ஒரே வரிசையின் அடியில்தான் இருந்தாக வேண்டும். அங்கேயே நிறுத்திவிட்டுப் புதுக் கட்டு கேட்கலாம். மாமா மட்டும் அப்போதும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் கட்டைக் கலைப்பார்.